பெர்ஃபெக்ட் பிட்ச்சும் ரிலேட்டிவ் பிட்ச்சும்: வயது வந்தவர் தன் காதைச் சோதித்துப் பழக்குவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் மாலை நேரங்களில் நான் கீபோர்டும் பாட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் முப்பது வயதைக் கடந்தவர்கள். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் ஒருவர், அப்போது அவருக்கு 37 வயது, ஒரு நாள் கைப்பேசியை நீட்டி, "மாஸ்டர், எனக்கு பெர்ஃபெக்ட் பிட்ச் இருக்குது போல, இந்த ஆப்புல பன்னெண்டுக்கு ஒம்போது சரியா சொல்லிட்டேன்" என்றார். ராயபுரத்தில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவர். காசிமேட்டு நண்பர்களோடு கானாவும் பாடுவார். அவர் பொய் சொல்லவில்லை, ஒன்பது சரியாகத்தான் வந்திருந்தது. ஆனால் அந்த ஒன்பது எதைக் காட்டியது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தேடியதும், பிறகு பத்து மாதம் அவர் காதைப் பழக்கியதும் இந்தக் கட்டுரையின் பொருள்.

முதலில் இரண்டு திறன்களையும் பிரித்துக்கொள்வோம். எந்த ஒப்பீடும் இல்லாமல், காதில் விழுந்த ஒரு தனி ஒலியை "இது ஐந்து கட்டை" என்று உடனே பெயர் சொல்ல முடிவதும், கேட்டால் அதே ஒலியைத் தானாகவே எடுத்துக் கொடுக்க முடிவதும் பெர்ஃபெக்ட் பிட்ச். ஒரு சட்ஜம் காதில் இருக்கும்போது, அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் மற்றொரு சுரம் நிற்கிறது என்று அறிவது ரிலேட்டிவ் பிட்ச். முன்னது ஒலியின் முகவரியை அறிவது. பின்னது இரண்டு ஒலிகளுக்கு இடையிலான உறவை அறிவது.

நம் ஊர் இசைப் பயிற்சி முழுவதும் பின்னதைத்தான் வளர்க்கிறது. சட்ஜம் எந்தக் கட்டையில் வேண்டுமானாலும் நிற்கலாம். அது நின்ற இடத்திலிருந்து பஞ்சமம் ஏழு அரைச்சுரம் மேலே இருக்கும். கீபோர்டில் ஒரு விசைக்கும் அதை ஒட்டிய அடுத்த விசைக்கும் இடையிலான தூரமே ஒரு அரைச்சுரம். கட்டை என்ற கணக்கு மட்டுமே முகவரியைச் சொல்கிறது. கீபோர்டின் C ஒரு கட்டை, D இரண்டு, E மூன்று, F நான்கு, G ஐந்து, A ஆறு, B ஏழு. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் கறுப்புக் கட்டை கிடையாது என்பதால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லை. கச்சேரி மேடையில் ஒருவர் "மூன்றரை" என்று கேட்டால், அவர் காதால் கேட்கவில்லை, எண்ணால் கேட்கிறார் என்று உடனே தெரிந்துவிடும்.

முதல் படி: உங்களிடம் இப்போது எது இருக்கிறது என்று கண்டறிதல்

கைப்பேசிச் செயலிகளில் பெரும்பாலானவை ஒரு ஒலிக்கும் அடுத்த ஒலிக்கும் இடையில் இரண்டு மூன்று நொடிகளே விடுகின்றன. தவறினால் சரியான விடையையும் காட்டிவிடுகின்றன. அந்த விடையே அடுத்த கேள்விக்கு சட்ஜமாகிவிடும். ரிலேட்டிவ் பிட்ச் நன்றாக இருக்கும் ஒருவர், முதல் விடை தெரிந்தவுடன் மற்ற பதினொன்றையும் அதிலிருந்து எண்ணியே சொல்லிவிடலாம். ஆகவே சோதனையை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டு சுரங்களையும் மூன்று ஸ்தாயிகளில் எழுதி 36 துண்டுச் சீட்டுகளைத் தயார் செய்யுங்கள். காலையில், அன்று எந்தப் பாட்டும் காதில் விழுவதற்கு முன், சுவரைப் பார்த்து அமருங்கள். உடன் இருப்பவர் சீட்டைக் குலுக்கி எடுத்து, அந்தச் சுரத்தை மட்டும் இரண்டு நொடி வாசிக்கட்டும். ஐந்து நொடிக்குள் கட்டையைச் சொல்ல வேண்டும்; எந்த ஸ்தாயி என்பது கணக்கில் இல்லை. சரியா தவறா என்று அவர் முகக்குறிப்பால்கூடச் சொல்லக்கூடாது. இதே சோதனையை மற்றொரு நாள் மீண்டும் செய்யுங்கள். ஆனால் அந்த நாளில் ஒவ்வொரு விடைக்குப் பிறகும் இருபது நொடி, உடன் இருப்பவர் கீபோர்டின் பிட்ச் பெண்ட் சக்கரத்தை இழுத்துக்கொண்டே கட்டைகளைக் கலைத்து வாசிக்கட்டும். எந்தக் கட்டைக்கும் பொருந்தாத அந்த ஒலிக்குழப்பம், முந்தைய சுரத்தின் நினைவை அழித்துவிடும். வாசிக்கும் ஒலியையும் பியானோ, புல்லாங்குழல், வயலின் என்று மாற்றிக்கொண்டே போகச் சொல்லுங்கள். பியானோ ஒலியை மட்டும் அறிந்துவைத்திருக்கும் காதுகளும் உண்டு.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 36-இல் 3 சரியாக வரும் என்பதை மறக்கக்கூடாது. ஒரு அரைச்சுரம் தவறலாம் என்று விட்டுக்கொடுத்தால் தற்செயலாகவே 9 வரும். பெர்ஃபெக்ட் பிட்ச் உள்ளவருக்கு இரண்டு நாள் மதிப்பெண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், பதிலும் யோசிக்காமல் வரும். ரிலேட்டிவ் பிட்ச் மட்டும் உள்ளவருக்கு இரண்டாம் நாள் சரிந்துவிடும்.

என் மாணவருக்கு முதல் நாள் 24 சரி. ஒலிக்குழப்பம் வைத்த இரண்டாம் நாள் 5. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, முதல் நாள் தாளில் அவர் செய்த தவறுகளின் வரிசை. பத்தொன்பதாவது சீட்டிலிருந்து இருபத்தாறாவது வரை எட்டு விடைகளும் தவறு. எட்டும் சரியாக ஒரே அரைச்சுரம் மேலே. அதாவது பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் இடையில் அவர் மனத்திலிருந்த சட்ஜம் ஒரு அரைச்சுரம் நழுவியிருக்கிறது. அதன் பிறகு அவர் கணக்கிட்ட தூரங்கள் ஒவ்வொன்றும் சரி. தவறுகள் இப்படித் தொடராக ஒரே பக்கம் சாய்ந்தால் அது ரிலேட்டிவ் பிட்ச்சின் கையெழுத்து. தவறுகள் மேலும் கீழும் சிதறியிருந்தால் வெறும் ஊகம். மதிப்பெண்ணை மட்டும் கூட்டிவிட்டுத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். தவறுகளுக்கு எதிரே எத்தனை அரைச்சுரம், எந்தப் பக்கம் என்று எழுதிவையுங்கள்.

இரண்டாம் படி: ரிலேட்டிவ் பிட்ச்சை சட்ஜத்தின் மேல் கட்டுதல்

இந்தத் திறனை எந்த வயதிலும் வளர்க்கலாம் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் வழி முக்கியம். பல செயலிகள் இரண்டு ஒலிகளை மட்டும் வாசித்து, இடைவெளி என்ன என்று கேட்கின்றன. அது பாட்டில் உதவுவதில்லை, ஏனென்றால் பாட்டில் ஒவ்வொரு சுரமும் முந்தைய சுரத்தோடு மட்டுமல்லாமல் சட்ஜத்தோடும் சேர்ந்தே கேட்கிறது. தம்பூராவை ஓடவிட்டு, அதன் மேல் ஒரு சுரத்தைக் கேட்டு, அது சட்ஜத்திற்கு என்னவாகிறது என்று சொல்லிப் பழகுவதே பயன் தரும்.

நாள் ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஒரு மணி நேரத்தை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் செலவிடுவதைவிட, தினமும் செய்த பதினைந்து நிமிடமே காதில் தங்குகிறது. உங்கள் குரலுக்கு வசதியான கட்டையில் தம்பூராச் செயலியை ஓடவிட்டு, முதல் இரண்டு வாரம் சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உடன் இருப்பவர் அல்லது முன்பே நீங்கள் பதிவு செய்த ஒலி ஒரு சுரத்தைக் கொடுக்கும். அதை முதலில் முணுமுணுத்துத் திருப்பிப் பாடுங்கள், பிறகு பெயர் சொல்லுங்கள், பிறகு கட்டாயமாக சட்ஜத்துக்கு இறங்கி வாருங்கள்.

அந்தக் கடைசி இறக்கத்தை யாரும் விட்டுவிடக்கூடாது. காரணத்தைச் சொல்கிறேன். பஞ்சமத்தைப் பாடி அதிலேயே நின்றுவிட்டால், சில நொடிகளில் காது அதையே புதிய சட்ஜமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கும். அப்போது அடுத்து வரும் மேல் சட்ஜம், பஞ்சமத்திலிருந்து ஐந்து அரைச்சுரம் மேலே இருப்பதால், சுத்த மத்திமமாகக் கேட்கும். மாணவர் "ம" என்று உறுதியோடு சொல்வார். அவர் காது கெட்டுவிடவில்லை, வேறு அடிப்படையில் சரியாகவே கேட்டிருக்கிறது. ஆரம்ப மாதங்களில் நான் பார்க்கும் தவறுகளில் மிக அதிகமானது இதுதான். ஒவ்வொரு விடைக்குப் பிறகும் சட்ஜத்தைத் தொட்டு வந்தால் ஒரு வாரத்தில் குறைந்துவிடும்.

மூன்றாம் வாரம் அந்தர காந்தாரத்தைச் சேருங்கள். அதன் பிறகு சுத்த மத்திமம், சதுச்ருதி ரிஷபம், சதுச்ருதி தைவதம், காகலி நிஷாதம் என்று வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்தால் சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் வந்துவிடும். மற்ற ஐந்தையும் அவற்றின் பக்கத்துச் சுரத்தோடு ஜோடியாக வைத்துப் பழகலாம். சாதாரண காந்தாரமா அந்தர காந்தாரமா என்று இரண்டில் ஒன்றைச் சொல்வது போல. இந்தக் கட்டம் முழுவதும் கமகம் வேண்டாம், சுரம் அசையாமல் நிற்கட்டும்.

நீங்கள் பாடித் திருப்புவது சரியா என்று பார்க்க ஒரு டியூனர் செயலி தேவைப்படும். ஒரு அரைச்சுரத்தை நூறு பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். இருபது சென்ட்டுக்குள் நின்றால் நன்று. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. டியூனர் கீபோர்டின் சமப்பிரிவுக் கணக்கில் ஓடுகிறது. அதில் அந்தர காந்தாரம் சட்ஜத்திலிருந்து 400 சென்ட். தம்பூராவின் தந்தியிலிருந்து தானாக எழும் காந்தாரமோ 386 சென்ட்டில் நிற்கிறது. ஆகவே தம்பூராவோடு அழகாக இழைந்து பாடும் ஒருவரை, டியூனர் பதினான்கு சென்ட் குறைவு என்று காட்டும். அதைப் பார்த்துக் குரலை ஏற்றாதீர்கள். பஞ்சமத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே வித்தியாசம் இரண்டு சென்ட் மட்டுமே.

என் மாணவர் ஏழாவது வாரத்தில் ஏழு சுரங்களையும் ஒரு கட்டையில் 36-க்கு 31 சரியாகச் சொன்னார். மறுநாள் நான் அவரிடம் சொல்லாமல் தம்பூராவை நான்கு கட்டைக்கு மாற்றினேன். 22 ஆகிவிட்டது. அவர் முகம் வாடியது; எனக்கும் வருத்தம்தான், ஆனால் காரணத்தைத் தேடினோம். ஒவ்வொரு சுரத்தையும் முணுமுணுக்கும்போது தொண்டை எவ்வளவு இறுகுகிறது என்பதை வைத்தே அவர் பாதி விடைகளைச் சொல்லிவந்திருக்கிறார். ஒரு கட்டையில் தைவதம் அவருக்கு இறுக்கமான இடம்; நான்கு கட்டையில் அந்தர காந்தாரமே அங்கே போய்விட்டது. அன்று முதல் வரிசையை மாற்றினோம்: வாய் திறக்காமல் முதலில் பெயர், அதன் பிறகே பாட்டு. கட்டையையும் இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றினோம். பதினைந்தாவது வாரத்தில் ஒரு கட்டையில் 33, நான்கு கட்டையில் 32. கட்டை மாறியும் மதிப்பெண் மாறாமல் இருப்பதுதான் ரிலேட்டிவ் பிட்ச் வந்துவிட்டதற்கு அடையாளம். நீங்களும் மாதம் ஒரு முறை இந்தக் கட்டை மாற்றச் சோதனையை வையுங்கள்.

மூன்றாம் படி: ஒரே ஒரு சுருதியை நினைவில் ஊன்றுதல்

பெர்ஃபெக்ட் பிட்ச் இல்லாதவர்களுக்கு ஒலியின் உயரம் நினைவில் தங்குவதே இல்லை என்று எண்ணுவது தவறு. 1994-இல் டேனியல் லெவிட்டின் என்ற ஆய்வாளர் 46 கல்லூரி மாணவர்களை, தங்களுக்கு மிகப் பழக்கமான பாடல்களை நினைவிலிருந்து பாடச் சொன்னார். அவர்களில் பத்தில் நான்கு பேர் குறைந்தது ஒரு பாடலையாவது இசைத்தட்டில் இருந்த அதே சுருதியில் எடுத்தார்கள். முகவரி நினைவில் இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகைதான் இல்லை.

இந்த நினைவை ஒரே ஒரு கட்டைக்குப் பயன்படுத்திக்கொள்வது வயது வந்த யாருக்கும் எட்டும் இலக்கு என்று நான் நம்புகிறேன். உங்கள் பாடும் சுருதியையே தேர்ந்தெடுங்கள். காலையில் எழுந்தவுடன், எதையும் கேட்பதற்கு முன், அந்தச் சுருதி இது என்று மனத்தில் தோன்றுவதை முணுமுணுத்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அதன் பிறகே டியூனரில் பார்த்து, எத்தனை சென்ட் எந்தப் பக்கம் தவறியது என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு சரியான சுருதியை ஒரு நிமிடம் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுங்கள். பகலில் இரண்டு முறை, பேருந்துக்காக நிற்கும்போதோ சாப்பாட்டுக்கு முன்போ, இதையே செய்யுங்கள்.

காலைக் குரல் தாழ்ந்திருக்கும் என்பதால் முதல் வாரங்களில் தவறு பெரும்பாலும் கீழ்ப்பக்கமே சாயும். "என் தொண்டையின் அடி ஒலி எதுவோ அதிலிருந்து இத்தனை கட்டை மேலே" என்று கணக்குப் போடுபவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் அந்த அடி ஒலியே சளி, தூக்கம், நேற்றிரவுப் பாட்டு எல்லாவற்றுக்கும் ஏற்ப மாறுகிறது. பாடுவதற்கு முன் மனத்தில் கேட்க வேண்டும்.

வீட்டை விட்டு வெளியே வந்தால், ஒவ்வொரு தெருமுனையிலும் நம் எல்லோருக்கும் பொதுவான ஒரு சுருதிப்பெட்டி நிற்கிறது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுழற்சி. டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் இரும்பு ஒவ்வொரு சுழற்சியிலும் இரு முறை நுண்ணிய அளவில் விரிந்து சுருங்குவதால், அது ரீங்கரிப்பது 100 ஹெர்ட்ஸில். கீபோர்டில் கீழ் ஸ்தாயி G, அதாவது ஐந்து கட்டை, 98 ஹெர்ட்ஸ். ஆக, டிரான்ஸ்பார்மரின் ரீங்காரம் ஐந்து கட்டைக்கு மேல் ஏறக்குறைய 35 சென்ட்டில், ஒரு அரைச்சுரத்தின் மூன்றில் ஒரு பங்கு ஏறி நிற்கிறது. மின்தொகுப்பின் வேகம் மிகச் சிறிய அளவே ஏறி இறங்குவதால் காதுக்கு அது அசைவதில்லை. வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ லாரிகள் ஓய்ந்த இரவில் வேலிக்கு வெளியே, தள்ளி நின்றாலே அது தெளிவாகக் கேட்கும். முதலில் ஐந்து கட்டையை மனத்திலிருந்து எடுத்துப் பாடிவிட்டு, பிறகு காதைக் கொடுத்து, உங்கள் ஒலி ரீங்காரத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். என் மாணவர் வேலை முடிந்து வரும் வழியில் இதைப் பழக்கமாகவே வைத்துக்கொண்டார்.

அவருடைய நோட்டில் முப்பது காலைகள் இருக்கின்றன. முதல் பத்து நாளில் சராசரியாக இரண்டு அரைச்சுரத்துக்கு அருகில் தவறினார். கடைசிப் பத்தில் ஏழு நாள் அரைச்சுரத்துக்குள் நின்றார். அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை தொடங்கும் நேரத்தில் மின்சாரம் நின்று கீபோர்டு அணைந்துவிட்டது. பாடகர் குழு முழுவதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, இவர் இரண்டு கட்டையை முணுமுணுத்துக் கொடுத்து, அதிலிருந்து எண்ணி நான்கு குரல்களுக்கும் தொடக்கச் சுரம் தந்திருக்கிறார். பின்வரிசையில் இருந்த தம்பி ஒருவர் பதிவு செய்ததை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். டியூனரில் D-க்கு 40 சென்ட் குறைவு. யாருக்கும் தொண்டை சிரமப்படவில்லை, பாட்டு இறுதிவரை நின்றது.

ஊன்றிய ஒரு சுருதியோடு உறுதியான ரிலேட்டிவ் பிட்ச்சும் சேர்ந்தால் எந்த ஒலிக்கும் கட்டை சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு இரண்டு மூன்று நொடி எண்ண வேண்டியிருக்கும். வேறு சுருதியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் ஊன்றியது அதில் கரைந்துவிடும். இந்த இரண்டும்தான் இதை உண்மையான பெர்ஃபெக்ட் பிட்ச்சிலிருந்து பிரிக்கும் கோடு.

நான்காம் படி: பன்னிரண்டு சுரங்களும் வருமா

குழந்தைகளுக்கு வரும். ஜப்பானில் அயாக்கோ சாகாகிபாரா இரண்டு முதல் ஆறு வயதுக்குட்பட்ட 24 குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியை முடித்த 22 பேருக்கும் பெர்ஃபெக்ட் பிட்ச் வந்தது. ஆறேழு வயதுக்குப் பிறகு இந்த வாசல் ஒடுங்கிவிடுகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது முழுவதும் அடைபட்டுவிடுகிறதா என்பதில்தான் கருத்து மாறியிருக்கிறது.

1970-இல் பால் பிரேடி என்பவர் தன்னையே சோதனைப் பொருளாக்கினார். முப்பது வயதைக் கடந்தபின் சுமார் அறுபது மணி நேரம் பழகிய அவரை, 57 நாட்கள் காலையில் அவர் மனைவி ஒரே ஒரு சுரம் வாசித்துச் சோதித்தார்; 37 முறை சரி, மற்றவற்றில் இரண்டைத் தவிர எல்லாம் ஒரு அரைச்சுரத் தவறு. ஒரு நாளுக்கு ஒரு சுரம் என்பதால் முந்தைய ஒலியிலிருந்து எண்ண வழியில்லை, சோதனை நேர்மையானது. 2020-இல் வெளியான யெட்டா வாங் குழுவினரின் ஆய்வில் 43 வயது வந்தவர்கள் 12 முதல் 40 மணி நேரம் பழகி, அவர்களில் ஆறு பேர் பன்னிரண்டு சுரங்களையும் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொன்னார்கள். 2025-இல் அதே ஆய்வாளர் 12 இசைக்கலைஞர்களுக்கு எட்டு வாரம் பயிற்சி கொடுத்தபோது சராசரியாக ஏழு சுரங்கள் வந்தன. பன்னிரண்டும் வந்தவர்கள் இருவர். ஆக, வயது வந்தவர்களில் சிலருக்கு வரும், பலருக்குப் பாதி வரும் என்பதே இன்றைய நிலை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு குறி உண்டு: கேட்ட ஒலியை மனத்தில் சற்று நேரம் மாறாமல் பிடித்துவைக்க முடிந்தவர்களுக்கு இந்தப் பயிற்சி எளிதில் ஏறுகிறது.

முயல விரும்புபவர்கள் பன்னிரண்டையும் ஒரே நேரத்தில் தொடக்கூடாது. ஊன்றிய சுருதியை முதல் சுரமாக வையுங்கள். பன்னிரண்டு சுரங்களும், அந்தச் சுரம் பாதித் தடவையாவது வருமாறு, கலந்து ஒலிக்கட்டும். நீங்கள் சொல்ல வேண்டியது "அதுதான்" அல்லது "அது இல்லை" என்பது மட்டும். மூன்று வெவ்வேறு வாத்திய ஒலிகளில், எல்லா ஸ்தாயிகளிலும், விடைகளுக்கு இடையில் ஒலிக்குழப்பம் வைத்து, விடை காட்டாமல் பத்துக்கு ஒன்பது சரியாக மூன்று நாள் தொடர்ந்து வந்த பிறகே இரண்டாவது சுரத்தைச் சேருங்கள். அது முதல் சுரத்திலிருந்து தொலைவில் இருக்கட்டும். இரண்டு கட்டை முதலாவது என்றால் ஐந்தரை இரண்டாவதாக நன்றாக நிற்கும். பதில் நேரத்தையும் வாரந்தோறும் குறைத்து மூன்று நொடிக்குக் கொண்டுவாருங்கள், ஏனென்றால் நேரம் இருந்தால் காது மீண்டும் எண்ணத் தொடங்கிவிடும். எண்ணுகிறீர்களா, அறிகிறீர்களா என்று உங்களுக்கே தெரியும்: உள்ளே ஏதாவது ஒரு சுரம் ஒலித்து அதிலிருந்து விடைக்கு நடந்தால் அது எண்ணுவது.

என் மாணவர் எட்டு வாரம் இதைச் செய்தார். நான்கு சுரங்கள் நின்றன. ஐந்தாவதாக மூன்று கட்டையைச் சேர்த்ததும் ஏற்கெனவே இருந்த இரண்டு கட்டையோடு குழம்பத் தொடங்கியது. அதை எடுத்துவிட்டு ஆறரையை வைத்தபோதும் அதே நிலைதான். பிறகு துறைமுக வேலை நெருக்கடியில் ஆறு வாரம் பயிற்சி நின்றது. திரும்பி வந்து சோதித்தபோது நான்கில் இரண்டு கரைந்துபோயிருந்தன. ஆனால் அந்த ஆறு வாரத்தில் அவர் ரிலேட்டிவ் பிட்ச் ஒரு சுரம்கூடக் குறையவில்லை. கட்டை மாற்றச் சோதனையில் அதே 32.

இந்த வேறுபாடு ஏற்கெனவே பெர்ஃபெக்ட் பிட்ச் உள்ளவர்களிடமும் காணப்படுகிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களுக்குத் தெரியாமல் ஒரு சிம்பொனியை மெல்ல மெல்ல 33 சென்ட் இறக்கி ஒலிக்கவிட்டார்கள். கேட்டு முடித்தபின் இறங்கிய சுரங்களே அவர்களுக்குச் சுருதி சேர்ந்தவையாகத் தோன்றின. நாற்பது ஐம்பது வயதுக்குப் பிறகு பெர்ஃபெக்ட் பிட்ச் உள்ள பலருக்குக் கேட்பதெல்லாம் ஒரு அரைச்சுரம் ஏறியே ஒலிக்கத் தொடங்குகிறது. அவர்கள் ஒவ்வொரு பாட்டையும் வேறு கட்டையில் கேட்டுத் தவிப்பார்கள். சட்ஜத்திலிருந்து பஞ்சமத்தின் தூரத்தை மட்டும் அறிந்தவருக்கு இந்தத் துன்பம் இல்லை. கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிட்டு வாசிக்கும் மேடையிலும் இதே வித்தியாசம்தான்: கை C-யில் இருக்க ஒலி D-யாக வந்தால், முகவரியால் கேட்கும் காது தடுமாறும், உறவால் கேட்கும் காது கவலைப்படாது.

அதனால் வாரத்துக்கு ஒரு மணி நேரமே கிடைக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால், ஐம்பது நிமிடத்தை இரண்டாம் படிக்கும் பத்து நிமிடத்தை மூன்றாம் படிக்கும் கொடுக்கச் சொல்வேன். நான்காம் படியை, முதல் மூன்றும் நின்றபின், எட்டு வாரம் என்று எல்லை வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அந்த எல்லைக்குள் மூன்று சுரம்கூட நிற்கவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அதே 36 சீட்டுகளை எடுத்து முதல் படியின் இரண்டு சோதனைகளையும் மீண்டும் செய்து, பழைய தாளுக்குப் பக்கத்தில் புதிய தாளை வையுங்கள். என் மாணவரின் கடைசித் தாளில் ஒலிக்குழப்பத்தோடு 14 சரி இருக்கிறது. தவறிய இருபத்திரண்டில் பதினேழு ஒரே ஒரு அரைச்சுரம்.